மாதவிடாய் வலி நாள்களுக்காக வகுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

என் மகள் ஒன்பதாம் வகுப்புக்குச் சென்ற ஆண்டில் அவளுடைய வகுப்பாசிரியைக்கு நான் எழுதிய முதல் கடிதம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. "என் மகளுக்கு அடிக்கடி உடல்நிலை சரியில்லாமல் போவதால் அவளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தேன். ஆசிரியை அதை வாங்கிப் படித்து, வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம், மாதவிடாயின் முதல் நாள் காலையில், வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நின்றிருந்த என் மகள் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டபோது, காலையில் சாப்பிட்டாயா என்றுதான் அவளிடம் கேட்டார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பையில் மாத்திரை இருந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொள்ள யாரிடம் அனுமதி கேட்பது, கேட்டால் என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் மதியம் வரை வலியோடு உட்கார்ந்திருந்தாள். இதில் ஆசிரியை மீது எனக்குக் குறையில்லை. என்ன வலி, எப்போது வரும், வந்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை.

இரண்டாவது கடிதத்தை மூன்று மாதம் கழித்து எழுதினேன். அது பலன் தந்தது. அதன்பின் பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் எங்கள் உறவினர்கள் சிலருக்கும் உடன் வேலை பார்ப்பவர்களுக்கும் அதே முறையில் எழுத உதவியிருக்கிறேன். முதன்முறையாக இப்படி ஒரு கடிதம் எழுத உட்காரும் பெற்றோருக்காக அந்த முறையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

கடிதத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று

பூப்பெய்திய உடனே வரும் முதல் சில மாதவிடாய்களில் பெரும்பாலும் வலி அதிகம் இருக்காது. ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள், சினைமுட்டை ஒழுங்காக வெளிப்படத் தொடங்கிய பிறகே வலி வர ஆரம்பிக்கும். அதனால்தான் ஏழாம் வகுப்பில் ஒன்றும் சொல்லாத பெண் ஒன்பதாம் வகுப்பில் சுருண்டு படுக்கிறாள். "போன வருஷம் நன்றாகத்தானே இருந்தாள், இப்போது நடிக்கிறாள்" என்று வீட்டிலேயே சிலர் சொல்வதற்கும் இதுதான் இடம் கொடுக்கிறது.

வலிக்குக் காரணம், கர்ப்பப்பையின் உள்சுவர் உதிரும்போது அங்கே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள். அது கர்ப்பப்பையின் தசையை இறுக்கிப் பிடித்துச் சுருங்க வைக்கிறது. அடிவயிறு, இடுப்பு, தொடை ஆகியவற்றில் வலி வருவதும், சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைச்சுற்றல் வருவதும் இதனால்தான். இது அதிகமாகச் சுரப்பது முதல் ஒன்றிரண்டு நாள்களில். எனவே பெரும்பாலான பெண்களுக்கு மூன்றாம் நாளுக்குள் வலி தணிந்துவிடும்.

மருத்துவர்கள் இதற்கு வழக்கமாக எழுதித் தரும் மெஃபெனமிக் ஆசிட், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அந்த வேதிப்பொருள் புதிதாக உண்டாவதைத் தடுக்கின்றன; ஏற்கெனவே சுரந்துவிட்டதை அவை அகற்றுவதில்லை. ஆகவே வலி தொடங்கும்போதே, வயிற்றில் ஏதாவது உணவு இருக்கும் நிலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டால் அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரத்தில் தணிவு தெரியும். வலி முற்றி வாந்தி எடுத்த பிறகு போட்டால் அந்த நாள் பெரும்பாலும் போனதுதான். பள்ளிக்கு எழுதும் கடிதத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆசிரியரிடம் இரக்கம் கேட்பதற்காக நாம் எழுதவில்லை. வலி தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள், நாற்பது பிள்ளைகள் முன்னால் எதையும் விளக்காமல், மகள் தன் மாத்திரையைப் போட்டுக்கொள்ளவும் கழிப்பறைக்குப் போகவும் வழி வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எதை எழுதுவது, எதை விடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

மூன்று மாதக் குறிப்பு

முதல் வேலை, மூன்று மாதவிடாய்களுக்குக் குறிப்பு எடுப்பது. இதற்குத் தனி நோட்டு வேண்டியதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரே போதும், எல்லோர் கண்ணிலும் படுவது மகளுக்குப் பிடிக்கவில்லையென்றால் அவளுடைய டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். உதிரப்போக்கு தொடங்கிய தேதி, வலி தொடங்கிய நேரம், மாத்திரை போட்ட நேரம், வலி எப்போது தணிந்தது, அன்று பள்ளியில் எது தவறிப்போனது ஆகிய ஐந்து செய்திகள் இருந்தால் போதும்.

என் மகளுடைய குறிப்பு இப்படி இருந்தது. ஜூன் 12 அன்று காலை எட்டரை மணிக்குப் பேருந்தில் வலி தொடங்கியது, மாத்திரை போடவில்லை, இரண்டாம் பீரியடில் வாந்தி எடுத்தாள், மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. ஜூலை 14 அன்று பத்து மணிக்கு வலி தொடங்கியது. மாத்திரையை மதிய உணவுக்குப் பிறகே போட்டாள். மாலை வரை தணியவில்லை. கணக்குத் தேர்வை அரைகுறையாக எழுதினாள். ஆகஸ்ட் 11 அன்று வீட்டிலேயே காலை ஏழு மணிக்கு வலி தொடங்கியது. இட்லி சாப்பிட்டு உடனே மாத்திரை போட்டாள். எட்டு மணிக்குத் தணிந்தது. பள்ளிக்குப் போய் முழு நாளும் இருந்தாள்.

மூன்று வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நான் எழுத வேண்டிய கடிதம் எனக்கே தெரிந்துவிட்டது. ஒரே பெண், ஒரே வலி, ஒரே மாத்திரை. வேறுபட்டது மாத்திரை போட்ட நேரம் மட்டும். இந்த ஒரு செய்தியை எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

இன்னொன்றையும் இந்தக் குறிப்பு காட்டும். மாதவிடாய் இடைவெளியை ஒரு முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எண்ண வேண்டும். என் மகளுக்கு ஜூன் 12 முதல் ஜூலை 14 வரை 32 நாள்கள். ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 11 வரை 28 நாள்கள். அப்படியானால் அடுத்தது செப்டம்பர் 8 முதல் 12 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் இந்த இடைவெளி 21 நாள் முதல் 45 நாள் வரை மாறுவது இயல்புதான். எனவே கடிதத்தில் "ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி" என்று எழுதிவிடக் கூடாது. நான் பார்த்த ஒரு வீட்டில் அப்படி எழுதிவிட்டார்கள். பெண் 18ஆம் தேதி வலி என்று சொன்னபோது, உன் அம்மா வேறு தேதி அல்லவா எழுதியிருக்கிறார் என்று கேள்வி வந்தது. அந்தப் பெண் அதன்பின் அந்தக் கடிதத்தையே பயன்படுத்தவில்லை.

ஒருமுறை மருத்துவரிடம்

கடிதம் கொடுப்பதற்கு முன் மகளை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமே போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகளிர் நோய்ப் பிரிவும் இருக்கிறது. கையில் மூன்று மாதக் குறிப்பு இருந்தால் பேச வேண்டியது குறையும்; மகளும் கூச்சமின்றிப் பதில் சொல்வாள். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு போன்றவை இருந்தால் இந்த வகை மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் அவற்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அக்காவுக்குக் கொடுத்த மாத்திரையைத் தங்கைக்குக் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. மருத்துவர் எடை பார்த்து எழுதித் தந்த அளவைத்தான் பள்ளிப் பையில் வைக்க வேண்டும். மருந்துச் சீட்டின் நகல் ஒன்றைக் கடிதத்தோடு இணைத்தால், பள்ளியில் மாத்திரை வைத்திருக்கலாமா என்ற தயக்கம் ஆசிரியருக்கு இருக்காது.

எல்லா வலியும் கடிதத்தோடு விட்டுவிடக் கூடிய வலி அல்ல. சரியான நேரத்தில் மாத்திரை போட்டும் மூன்று மாதமாகத் தணியவில்லை, மாதத்துக்கு மாதம் வலி கூடுகிறது, மாதவிடாய் இல்லாத நாள்களிலும் அடிவயிறு வலிக்கிறது, காய்ச்சல் வருகிறது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் முழுக்க நனைந்துவிடுகிறது, ஏழு நாளுக்கு மேல் உதிரம் போகிறது என்ற நிலைகளில் ஏதாவது ஒன்று இருந்தால் மகளிர் நோய் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கர்ப்பப்பைக்கு வெளியே அதன் உட்சுவரைப் போன்ற திசு வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய் பள்ளி வயதிலேயே தொடங்கலாம். உதிரம் அதிகம் போகும் பெண்ணுக்கு இரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும். வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுவதற்கு வலியோடு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். எனவே ஹீமோகுளோபின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் உண்மையில் விழுங்குகிறாளா என்றும் அன்போடு விசாரித்துக்கொள்ளுங்கள்.

மகளிடம் கேட்காமல் எழுதக் கூடாது

இந்தப் படியைத்தான் பெற்றோர் அதிகம் தாண்டிவிடுகிறார்கள். கடிதம் நம்முடையதாக இருந்தாலும், அதைப் படித்தவரின் முன்னால் தினமும் உட்காரப் போகிறவள் அவள். மூன்று கேள்விகளை அவளிடம் கேளுங்கள். பள்ளியில் யாருக்குத் தெரிந்தால் உனக்குச் சரி? அந்த நாளில் உனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும் நேரம் எது? ஆசிரியர் என்ன செய்தால் உனக்குப் பிடிக்காது?

மூன்றாவது கேள்விக்கு என் மகள் சொன்ன பதில் என்னைத் திகைக்க வைத்தது. "கடைசி பெஞ்சில் தனியாகப் படுக்கச் சொல்லிவிடுவார்கள், அதற்குப் பேசாமல் வலியோடு உட்கார்ந்திருக்கலாம்" என்றாள். தூரமான பெண்ணை வீட்டில் ஒரு மூலையில் தனியே உட்காரவைக்கும் வழக்கம் இன்னும் முற்றாக மறையாத ஊர்கள் நம்முடையவை. ஆசிரியை நல்லெண்ணத்தோடு தனியே உட்காரச் சொன்னாலும் பிள்ளைக்கு அது விலக்கி வைப்பதாகத்தான் படும். ஆகவே வழக்கமான இடத்திலேயே இருக்கட்டும் என்று கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. எழுதி முடித்த பிறகு கடிதத்தை அவளிடம் முழுக்கப் படித்துக் காட்டுங்கள். அவள் வேண்டாம் என்று சொல்லும் வரி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் எடுத்துவிட வேண்டும்.

யாருக்கு எழுதுவது

வகுப்பாசிரியருக்கே எழுதுங்கள், தலைமையாசிரியருக்கு முதலிலேயே எழுதினால், தன்னைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்ற மனத்தாங்கல் வகுப்பாசிரியருக்கு வரும். அவர் ஆணாக இருந்தாலும் கடிதம் அவர் பெயருக்குத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அனுமதி தர வேண்டியவர் அவர். "இது குறித்து என் மகளிடம் பேச வேண்டியிருந்தால் ஓர் ஆசிரியை மூலமாகப் பேசுமாறு வேண்டுகிறேன்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி அவருடைய சங்கடத்தையும் குறைக்கும், பிள்ளையின் கூச்சத்தையும் காக்கும். நான் அறிந்த வரையில் ஆண் ஆசிரியர்கள் இத்தகைய கடிதத்தை மிகுந்த மதிப்போடுதான் நடத்தியிருக்கிறார்கள். அப்பாதான் எழுதுகிறார் என்றாலும் தவறில்லை. அம்மா பெங்களூருவில் வேலைக்குப் போயிருக்க, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறையப் பேர். பாட்டி சார்பில் சித்தி எழுதிய கடிதமும் செல்லும். தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தமிழில் எழுதத் தயங்குகிறவர்கள் தெரிந்த ஒரு பெண்ணைக்கொண்டு எழுதிக் கையெழுத்திடலாம். ஆனால் தட்டச்சுக் கடையில் சொல்லி அடிக்க வேண்டாம், ஊருக்குள் பேச்சாகிவிடும்.

கடிதம்

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். "வயிற்றுவலி" என்று மட்டும் எழுதாமல் "மாதவிடாய் வயிற்றுவலி" என்று ஒருமுறையாவது வெளிப்படையாக எழுதுங்கள். மாதாமாதம் வெறும் வயிற்றுவலி என்று படிக்கும் ஆசிரியர், வெளியில் எதையோ வாங்கித் தின்கிறாள் என்றோ தேர்வுக்குப் பயப்படுகிறாள் என்றோ நினைக்க இடமுண்டு. அதே நேரம் உதிரத்தின் அளவு, கறை பட்ட நாள் போன்றவை ஆசிரியருக்குத் தேவையில்லை. அவை மருத்துவருக்கு மட்டும் உரியவை. நான் எழுதிய இரண்டாவது கடிதத்தைப் பெயர்களை நீக்கிக் கீழே தருகிறேன்.

அனுப்புநர்:
(பெற்றோர் பெயர், ஊர், கைப்பேசி எண்)

பெறுநர்:
வகுப்பாசிரியர் அவர்கள்,
9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு,
(பள்ளியின் பெயர்)

நாள்: ஆகஸ்ட் 20

பொருள்: என் மகளின் மாதவிடாய் வலி நாள்களில் சில அனுமதிகள் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

தங்கள் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு மாதவிடாயின் முதல் நாளிலும், சில மாதங்களில் இரண்டாம் நாளிலும் கடுமையான வயிற்றுவலியும் வாந்தியும் தலைச்சுற்றலும் ஏற்படுகின்றன. மருத்துவரிடம் காட்டியிருக்கிறோம், அவர் எழுதித் தந்த மருந்துச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன். வலி தொடங்கியவுடன் மாத்திரை போட்டுக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் அவளால் வழக்கம்போல் பாடம் கவனிக்க முடிகிறது. தாமதமானால் அன்று முழுவதும் முடிவதில்லை. ஆகஸ்ட் மாதம் உடனே போட்டதால் முழு நாளும் பள்ளியில் இருந்தாள். ஜூலை மாதம் மதியம் வரை தள்ளிப்போனதால் கணக்குத் தேர்வைச் சரியாக எழுத முடியவில்லை. தேதி மாதந்தோறும் சில நாள்கள் முன்பின் மாறுவதால் முன்கூட்டியே என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது.

ஆகவே அந்த நாள்களில் கீழ்க்கண்டவற்றுக்குத் தாங்கள் அனுமதி தர வேண்டுகிறேன். பாடம் நடக்கும்போதும் இரண்டு பிஸ்கட்டும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். மேசை மீது தன் நீல நிறப் பென்சில் பெட்டியை நிறுத்தி வைத்தால், எழுந்து கேட்காமலேயே கழிப்பறைக்குச் சென்று வர வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்பதற்குப் பதிலாக அவள் வகுப்பறையில் இருக்கவும், உடற்கல்வி வகுப்பில் முடிந்ததை மட்டும் செய்யவும் அனுமதிக்க வேண்டும். தேர்வு நாளில் வலி வந்தால், மாத்திரை போட்டுக்கொண்டு பத்து நிமிடம் வெளியே அமர்ந்து வர அனுமதிக்க வேண்டும்.

மற்றபடி அவள் வழக்கமான இடத்திலேயே தோழிகளோடு அமர்ந்திருக்கவே விரும்புகிறாள். இச்செய்தி தங்களோடும் உடற்கல்வி ஆசிரியரோடும் மட்டும் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மாத்திரை போட்டும் ஒன்றரை மணி நேரத்தில் வலி தணியாவிட்டாலோ மயக்கம் வந்தாலோ மேற்கண்ட எண்ணுக்கு அழையுங்கள்; நான் எடுக்காவிட்டால் அவளுடைய அத்தையை (எண்) அழைக்கலாம். அவளைத் தனியாகப் பேருந்தில் அனுப்ப வேண்டாம். அந்த நாள்களில் தவறிய பாடங்களை மறுநாள் எழுதி முடித்துக் காட்டுவது எங்கள் பொறுப்பு.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து)

இந்தக் கடிதத்தில் நான் விடுப்பு கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மாதம் மூன்று நாள் விடுப்பு வேண்டும் என்று தொடங்கும் கடிதத்தை எந்த ஆசிரியரும் தன் பொறுப்பில் ஒப்புக்கொள்ள முடியாது. வருகைப் பதிவு அவர் கையை மீறியது. மேலும் ஆண்டுக்குப் பத்து மாதம் என்று வைத்தாலும் முப்பது நாள் பாடம் போய்விடும். கேட்டவை நான்கும் அவர் தன் வகுப்புக்குள்ளேயே, யாரிடமும் கேட்காமல், செலவில்லாமல் தரக்கூடியவை. உண்மையிலேயே வர முடியாத நாளுக்கு வழக்கமான விடுப்பு விண்ணப்பம் தனியே இருக்கிறது.

பென்சில் பெட்டி ஏற்பாடு என் மகளே சொன்னது. கையை உயர்த்தி எழுந்து நின்று கேட்பதுதான் இந்த வயதுப் பெண்களுக்கு வலியைவிடப் பெரிய தடையாக இருக்கிறது, அதிலும் பையன்களும் படிக்கும் வகுப்பில். நீங்கள் வேறு ஏதாவது அடையாளம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது தினமும் மேசையில் இருக்கும் பொருளாக இருக்கட்டும். கழிப்பறை அனுமதி வலிக்காக மட்டுமல்ல. காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மாலை ஐந்தரைக்குத் திரும்பும் பெண், நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டுமென்றால் பள்ளியில் ஒன்றிரண்டு முறையாவது போயாக வேண்டும்.

பேருந்தைப் பற்றிய வரியைப் பெரும்பாலானோர் எழுதுவதில்லை. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து ஊர்களுக்கு ஒரு பேருந்தை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று பள்ளி நினைத்துக்கொண்டிருக்க, பிள்ளை நிறுத்தத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டில் ஆள் இருப்பார்களா என்பதும் நிச்சயமில்லை. அதனால் உண்மையில் பகலில் தொலைபேசியை எடுக்கக்கூடிய இரண்டாவது ஒருவரின் எண் கட்டாயம் வேண்டும். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்டில் கைப்பேசியை வெளியில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் தங்கள் எண்ணை மட்டும் கொடுப்பதால் பயனில்லை.

கொடுக்கும் முறை

வலி இல்லாத ஒரு வாரத்தில், பள்ளி விடும் நேரத்தில் நேரில் போய்க் கொடுப்பதுதான் சிறந்தது. என்னால் நேரில் போக முடிந்தது; ஐந்து நிமிடம்தான் பேசினேன். மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளாதீர்கள், அவள் வெளியே இருக்கட்டும். நேரில் போக முடியாதவர்கள் ஒட்டிய உறைக்குள் வைத்து, உறை மீது வகுப்பாசிரியர் பெயரையும் "நேரில் பிரிக்கவும்" என்பதையும் எழுதி, மகளிடமே கொடுத்து அனுப்பலாம். டைரியில் எழுதுவது வேண்டாம். வகுப்புத் தலைவி டைரிகளை அடுக்கும்போது படிக்கக்கூடும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதைவிடக் கேடு. எனக்குத் தெரிந்த ஒரு தாய், ஆசிரியைக்கு மட்டும் அனுப்புவதாக நினைத்துக் குழுவில் அனுப்பிவிட்டார். உடனே அழித்தும், இரண்டு வீட்டுப் பையன்கள் அதற்குள் படித்திருந்தார்கள். அந்தப் பெண் ஒரு வாரம் பள்ளிக்குப் போக மறுத்தாள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால், ஆசிரியரைக் கைப்பேசியில் அழைத்துச் சொல்லிவிட்டு, அவருடைய தனி எண்ணுக்கு அனுப்புங்கள்.

அன்றே மகளின் பையில் ஒரு சிறு பையைத் தயார் செய்துவிடுங்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி அட்டையோடு வெட்டிய ஒரு வேளை மாத்திரை, சிறிய பிஸ்கட் பாக்கெட், இரண்டு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, ஒரு பழைய செய்தித்தாள் துண்டு போதும். நாப்கின் தீர்ந்துவிட்டால், அரசுப் பள்ளிகளில் 'புதுயுகம்' திட்டத்தில் தருவதை எந்த ஆசிரியையிடம் கேட்பது என்பதை அவள் முன்பே தெரிந்துவைத்திருக்கட்டும். மாத்திரையை உதிரியாகத் தாளில் மடித்து அனுப்பினால் ஆசிரியர் அதை வாங்கி வைத்துக்கொள்வது நியாயம்தான், ஏனென்றால் அது என்னவென்று அவருக்குத் தெரியாது.

பலன் தருகிறதா என்று எப்படித் தெரியும்

கடிதம் கொடுத்த பிறகு வரும் முதல் மாதவிடாய் நாளன்று மாலை, மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டாய்? இரண்டுக்கும் நடுவே பத்து பதினைந்து நிமிடம் என்றால் கடிதம் வேலை செய்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் எங்கோ தடை இருக்கிறது. அது பெரும்பாலும் வகுப்பாசிரியரிடம் இருக்காது. மற்றப் பாட ஆசிரியர்களுக்கோ, மாற்றாக வந்த ஆசிரியருக்கோ செய்தி போயிருக்காது. என் மகளுக்கு இந்தத் தடை உடற்கல்வி வகுப்பில் வந்தது. வகுப்பாசிரியை சொல்ல மறந்துவிட்டிருந்தார். "மாணவிக்கு இன்று ஓய்வு தேவை, காரணம் நான் அறிவேன்" என்று வகுப்பாசிரியை கையெழுத்திட்ட ஒரு சிறு சீட்டை என் மகளிடம் கொடுத்துவைத்தார். காரணம் சொல்லாமல் காட்டுவதற்கு அது போதுமானதாக இருந்தது. உங்கள் ஆசிரியரிடமும் அப்படியொரு சீட்டைக் கேட்டுப் பெறலாம்.

ஆசிரியர் கடிதத்தை வகுப்பில் எல்லோர் முன்னிலும் பேசிவிட்டாலோ, எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே என்று ஒதுக்கிவிட்டாலோ, ஒருமுறை நேரில் போய் மூன்று மாதக் குறிப்பைக் காட்டுங்கள். வாதம் செய்ய வேண்டாம், தேதிகளையும் நேரங்களையும் மட்டும் காட்டுங்கள். அதன்பிறகும் மாறாவிட்டால் அதே கடிதத்தின் நகலோடு தலைமையாசிரியரைப் பார்க்கலாம். அங்கும் வழி பிறக்கவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண் இருக்கிறது. மருத்துவச் சந்தேகங்களுக்கு 104. நான் உதவிய வீடுகளில் தலைமையாசிரியரைத் தாண்டிப் போக வேண்டிய நிலை இதுவரை வரவில்லை.

செப்டம்பர் 9 அன்று, காலாண்டுத் தேர்வுக்கான திருப்புதல் நடந்துகொண்டிருந்தபோது, என் மகளுக்கு மூன்றாம் பீரியடில் வலி தொடங்கியது. பென்சில் பெட்டியை நிறுத்தினாள், ஆசிரியை தலையசைத்தார். பதினோரு மணி பத்து நிமிடத்துக்கு வலி, பதினொன்றே காலுக்கு மாத்திரை என்று அன்று மாலை அவளே டைரியில் எழுதினாள். கல்வியாண்டு முடிந்து பத்தாம் வகுப்புக்குப் போனபோது வகுப்பாசிரியர் மாறினார். ஜூன் முதல் வாரத்தில் புதிய தேதியிட்டு, புதிய மருந்துச் சீட்டின் நகலோடு, அதே கடிதத்தை மீண்டும் எழுதினோம். இந்த முறை வரைவை அவளே எழுதினாள், நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.